கலைச்சொல் வேண்டும்: பிராங்கியெக்டேசிஸ்

மலர்விழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். நெஞ்சக நோய்ப் பிரிவு ஒன்றுக்காக நோயாளிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிராங்கியெக்டேசிஸ் என்ற நோய்க்கு, எனக்கு முன்பு செய்தவர்கள் 'மூச்சுக்குழாய் விரிவு' என்று போட்டிருக்கிறார்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அதே பக்கத்தில் நான்கு வரி தள்ளி, இன்ஹேலர் மருந்துக்கு 'மூச்சுக்குழாய் விரிப்பான்' என்று வருகிறது. படித்துப் பார்த்த என் அத்தை கேட்டார்: "குழாய் விரிஞ்சதுதான் நோய்ங்கறே. அப்புறம் விரிக்கறதுக்கு எதுக்கு மருந்து குடுக்கறாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'மூச்சுக்குழாய்த் தொய்வு' என்று ஒன்றை யோசித்து வைத்திருக்கிறேன். எலாஸ்டிக் போன காலுறை மாதிரி என்று படித்ததால் வந்த சொல். சரியா, பாருங்கள்.

இளங்கோவன் எழுதியது:

அத்தையின் கேள்வி நியாயமானது. குழாய் அகன்றால் காற்று தாராளமாகப் போகவேண்டும். மூச்சு வாங்குகிறது என்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள். எனவே நோயின் பெயரில் அடைப்பு வந்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. மூலச் சொல்லுக்கு நேராகத்தான் வேண்டும் என்றால், கிரேக்கத்தில் எக்டேசிஸ் என்பது நீட்டி அகட்டுதல். 'மூச்சுக்குழாய் அகற்சி' எனலாம். அழிவையும் சேர்த்துச் சொல்ல 'சிதைவிரிவு' என்று வினைத்தொகையாகவும் ஆக்கலாம். முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவன், மருத்துவம் தெரியாது. தவறென்றால் திருத்துங்கள்.

டாக்டர் சண்முகம் எழுதியது:

இளங்கோவன் ஐயா பாதி தூரம் சரியாகவே வந்திருக்கிறார். அடைப்பு உண்டு, ஆனால் அகன்ற இடத்தில் அல்ல, அதற்கு அப்பால். 1950-இல் லின் ரீட் என்ற பெண் மருத்துவர், எக்ஸ்ரேயில் தெரிந்த குழாய்களை நுரையீரலை வெட்டிப் பார்த்ததோடு ஒப்பிட்டார். குழாய் அகன்று கிடக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கவேண்டிய சின்னக் கிளைகள் பல மூடிப்போயிருந்தன, சில இடங்களில் கிளையே இல்லை. அதாவது அகன்ற பாதை ஊர் போய்ச் சேராத பாதை. காற்று உள்ளே போகும், நுரையீரலுக்குப் பயன்படாது.

சரி, சளி ஏன் அங்கே தங்குகிறது? நல்ல மூச்சுக்குழாயின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நெல் வயலில் காற்றடித்தது போல அலையலையாக அசைந்து, சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமலேயே விழுங்கிவிடுவோம். காசநோயோ, சிறு வயதில் வந்த தட்டம்மையோ கக்குவானோ சுவரைப் புண்ணாக்கிவிட்டால் அந்த இழைகள் அங்கே இல்லை. பிறகு மிச்சம் இருமல்தான். ஹோஸ் பைப்பின் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், விட்டுவிட்டால் வழியும். இருமலும் அதே கணக்குதான். அகன்ற குழாயில் காற்றின் வேகம் போய்விடும். போதாததற்குச் சுவரில் விறைப்பு இல்லாததால், பலமாக இருமும்போது குழாயே அமுங்கிக்கொள்ளும். சளி இருந்த இடத்திலேயே இருக்கும்.

தேங்கிய சளியில் கிருமி குடியேறும். அதைக் கொல்ல வெள்ளணுக்கள் படை படையாக வரும். அவை கக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி, கிருமியோடு சேர்த்துச் சுவரின் மீள்நாரையும் கரைக்கும். மிச்சமுள்ள மயிரிழைகளையும் மந்தமாக்கி, சளிச்சுரப்பிகளையும் கிளறிவிடும். சுவர் இன்னும் தளரும், இன்னும் தேங்கும், மறுபடி கிருமி. 1986-இல் பீட்டர் கோல் இதை ஒரு நச்சுச் சுழலாக வரைந்து காட்டினார். ஆகவே என் வாதம் இது: விரிவு என்பது இந்த நோயின் தழும்பு. தமிழ்ச் சொல்லில் சுவர் கெட்டது தெரியவேண்டும்.

அத்தையின் கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். இன்ஹேலர், இன்னும் உயிருள்ள குழாய்களைச் சுற்றி இறுகிக்கிடக்கும் தசையை இளக்குகிறது. கெட்டுப்போன குழாயை அது விரிப்பதுமில்லை, சுருக்குவதுமில்லை. ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களுக்குத்தான் அதனால் முக்கியமான பயன்.

நாகராஜன் எழுதியது:

டாக்டர் சார், நல்லவேளை இந்த இழையைப் பார்த்தேன். இதற்கு எந்த மாத்திரை நல்லது? அம்மாவுக்கு 58 வயது. இருபது வயதில் டி.பி. வந்து முழுசாக மாத்திரை சாப்பிட்டு ஆறிவிட்டது. பத்து வருடமாகக் காலையில் எழுந்ததும் அரை டம்ளர் சளி. ஐப்பசி மழை பிடித்தால் பச்சையாகிக் காய்ச்சல் வரும். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று மறுபடி டி.பி. மாத்திரை ஆறு மாதம் கொடுத்தார்கள். குறையவில்லை. இப்போது மருந்துக்கடையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்குவோம். ராத்திரி தூங்க இருமல் சிரப். பெயர் வேண்டுமென்றால் 'சளித்தேக்க நோய்' என்று வைத்துவிடுங்களேன், எல்லாருக்கும் புரியும்.

டாக்டர் சண்முகம் எழுதியது:

நாகராஜன் தம்பி, இங்கே பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம், மாத்திரை அல்ல. நேரில் பார்க்காமல் நான் மருந்து சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயத்தை விட்டுவிட மனம் வரவில்லை.

டி.பி. மறுபடி வந்ததா என்பதைச் சளியில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும். பழைய டி.பி. விட்டுப்போன தழும்பும் எக்ஸ்ரேயில் நிழலாகத்தான் தெரியும். இந்த நோயை உறுதி செய்வது சி.டி. ஸ்கேன். ஒவ்வொரு மூச்சுக்குழாயோடும் ஒரு ரத்தக்குழாய் ஜோடியாக ஓடும், இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். நோய் வந்தால் மூச்சுக்குழாய் பெரிய வளையமாகவும், பக்கத்தில் ரத்தக்குழாய் சின்னப் புள்ளியாகவும் தெரியும், கல் பதித்த மோதிரம் மாதிரி. அந்தக் காலத்தில் ஸ்கேன் இல்லாதபோது சளியை உயரமான கண்ணாடிக் குடுவையில் பிடித்து வைப்போம். கொஞ்ச நேரத்தில் மேலே நுரை, நடுவே கலங்கல் நீர், அடியில் மஞ்சள் சீழ் என்று மூன்றடுக்காகப் பிரியும்.

இரண்டாவது, சளி பச்சையாகிக் காய்ச்சல் வரும்போது ஆன்டிபயாடிக் வழக்கமாக 14 நாள். அதுவும் சளியைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு. சூடோமோனாஸ் என்ற கிருமி ஏறிவிட்டால் கடையில் கிடைக்கும் பல மாத்திரைகள் அதைத் தொடாது. ஐந்து நாளில் நிறுத்தி நிறுத்தி வாங்கினால் சுழல் அறுபடாது. மூன்றாவது அந்த சிரப். இருமலை அடக்கும் வகை என்றால் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே துடைப்பம் இருமல்தான். சளியை வெளியேற்ற ஒரு இயன்முறை மருத்துவர் சொல்லித்தருவார், தினமும் செய்யவேண்டும்.

'சளித்தேக்க நோய்' பற்றி: உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும், எல்லாருக்கும் பொருந்தாது. காசநோய் நுரையீரலின் மேல் மடலில் வந்து ஆறியவர்களுக்குச் சளி தானாகவே கீழே வடிந்துவிடும். தேக்கமே இருக்காது, ஒருநாள் திடீரென்று ரத்தமாக இருமுவார்கள். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் நோயிலும், தழும்பு வெளியிலிருந்து இழுத்தே குழாய் அகலும். அங்கே கிருமிச் சுழல் இல்லை. மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான்.

தர்ஷினி எழுதியது, யாழ்ப்பாணத்திலிருந்து:

மலர்விழி அக்கா, 'தொய்வு' மட்டும் வேண்டாம். எங்கட பக்கத்தில் தொய்வு என்றால் ஆஸ்துமா. "பிள்ளைக்குத் தொய்வு" என்று சொல்லித்தான் அம்மாமார் கிளினிக்குக்கு வருவினம். நான் இயன்முறை மருத்துவத்தில் வேலை செய்கிறேன். 'மூச்சுக்குழாய்த் தொய்வு' என்று எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு ஒருவருக்கும் விளங்கப்படுத்த ஏலாது.

டொக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பலமாக இருமினால் குழாய் அமுங்கும் என்பதால்தான் நாங்கள் இருமச் சொல்லுவதில்லை. நாலைந்து தரம் ஆழமாக மூச்செடுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படுத்துவது போல "ஹா" என்று ஊதச் சொல்லுவோம். கீழ் மடலில் சளி என்றால், கீழ்ப்பக்கம் மேலே வரும்படி படுக்க வைத்துச் செய்விப்பதும் உண்டு. நெஞ்செரிவு உள்ளவர்களைத் தலை தாழ்த்திப் படுக்க வைப்பதில்லை. பழகிய ஆளுக்கு இருபது நிமிடத்தில் சளி வந்துவிடும். 'சிதைவிரிவு' என்றதை நான் முதலில் 'சிதைவு, இரிவு' என்று பிரித்து வாசித்து முழித்தேன்.

இளங்கோவன் எழுதியது:

பிரித்த விதம் என் தலையில் குட்டு. இரிவு என்றால் தோற்று ஓடுதல், அந்தப் பொருள் இங்கே ஒட்டாது. சிதைவிரிவைத் திரும்பப் பெறுகிறேன். 'அகற்சி' நிற்கிறதல்லவா?

மலர்விழி எழுதியது:

ஐயா, அதையும் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "அகற்றிட்டாங்களா? ஆபரேஷனா?" என்றார். ஒரு மடல் மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி அகற்றுவதும் உண்டு என்று கையேட்டிலேயே இருப்பதால் குழப்பம் நிச்சயம்.

'நிலைவிரிவு' என்று யோசித்தேன், மாறாத விரிவு என்ற பொருளில். அல்லது 'மூச்சுக்குழாய்ப் புடைப்பு'. காலில் ரத்தநாளம் சுருண்டு தடிப்பதை நாளப்புடைப்பு என்கிறோமே, அதன் வழியில்.

டாக்டர் சண்முகம் எழுதியது:

நிலைவிரிவில் எனக்கு ஒரு தயக்கம். குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சளியையும் கிருமியையும் ஒழுங்காகக் கவனித்தால், அகன்ற குழாய் பழைய அளவுக்குத் திரும்புவதை ஸ்கேனிலேயே பார்க்கலாம். தாய் கையில் "மாறாத" என்று எழுதிக் கொடுப்பது உண்மையும் இல்லை, நியாயமும் இல்லை.

புடைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. காலிலும் சுவர் தளர்ந்துதான் ரத்தம் தேங்குகிறது. ரீட் பிரித்த மூன்று வகையில் நடு வகைக்கே அந்தக் கால் நாளத்தின் பெயர்தான். மற்றவை உருளை போல் ஒரே சீராக அகன்றது, பை போல் உப்பியது. ஒரே குறை, புடைப்பு என்றால் நெஞ்சைத் தடவிக் கட்டி தேடுவார்கள்.

தர்ஷினி எழுதியது:

அதைவிட எனக்கு மற்றச் சொல்லில்தான் பிரச்சினை. எங்கட பாடப்புத்தகத்தில் டிரேக்கியா வாதனாளி, அதன் கிளை சுவாசப்பைக்குழாய். உங்கட மூச்சுக்குழாய் எது, தொண்டையில் உள்ளதா நெஞ்சில் உள்ளதா?

மலர்விழி எழுதியது:

நல்ல கேள்வி. எங்கள் புத்தகங்களே ஆண்டுக்கு ஒரு மாதிரி எழுதுகின்றன. அதை இந்த இழையில் தீர்க்க முடியாது, தனியாகத் தொடங்குகிறேன்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இப்போதைக்குத் தலைப்பில் 'மூச்சுக்குழாய்ப் புடைப்பு நோய்', கீழே சின்ன எழுத்தில் பிராங்கியெக்டேசிஸ். முதல் வரி: "மூச்சுக்குழாயின் சுவர் கெட்டுத் தளர்ந்து அகன்றுவிட்டது, அதனால் சளி வெளியேறாமல் தங்குகிறது." 'மூச்சுக்குழாய் விரிப்பான்' என்பதை எடுத்துவிட்டு, எல்லாரும் சொல்வது போல இன்ஹேலர் என்றே போட்டுவிட்டேன். இளங்கோவன் ஐயா மன்னிக்கவேண்டும்.

நாகராஜன் எழுதியது:

மேடம், அந்த முதல் வரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "புடைப்புன்னா முறத்துல புடைக்கறதா?" என்று சிரித்தார். ஸ்கேன் எடுத்த இடத்தில் "குழாய் பையாயிடுச்சு"ன்னு சொன்னார்களாம், அது அவருக்கு அன்றே புரிந்துவிட்டதாம். சளியைக் கல்ச்சருக்கு இன்று காலை கொடுத்தோம்.

டாக்டர் சண்முகம் எழுதியது:

பை என்பது மூன்றாம் வகைக்குத்தான் பொருந்தும், அதிகம் பார்ப்பது உருளை வகை. ஆனாலும் அம்மாவின் சொல்லை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.