கார் ஷெட்டில் சிவப்பு விளக்கு நடுங்கிய கதை

ஷெட்டுக்காரன்: காரை எங்கே நிறுத்துவது என்று காட்ட எதிர்ச்சுவரில் ஒலியால் தூரம் அளக்கும் HC-SR04 சென்சார், அதைப் படிக்கும் ESP32 போர்டு, ஒரு எல்இடி பட்டை. 120 செ.மீ.க்கு மேல் பச்சை, அதற்குள் வந்தால் மஞ்சள், 40 வந்தால் சிவப்பு. அட்டைப்பெட்டியை வைத்துப் பார்த்தபோது அச்சுப் பிசகாமல் ஓடியது. காரை விட்டதும் 60 செ.மீ.யில் திடீரென 0 வருகிறது, சிவப்பு பளிச்சென்று எரிந்து மறுபடி மஞ்சளுக்குப் போகிறது, வீட்டம்மா சடன் பிரேக் போட்டு என்னைத் திட்டியதுதான் மிச்சம். யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

குமரன்: வெயில்தான் ப்ரோ. சூடேறினால் ஒலி வேகம் மாறும், வெப்ப சென்சார் ஒன்று சேருங்கள், சரியாகிவிடும்.

பழைய சால்டர்: வெப்பத்தால் மாறும், உண்மைதான். ஆனால் 10 டிகிரி கூடினாலும் ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. கூட வித்தியாசம் வராது, 0 எப்படி வரும்? அந்த 0 தூரமே இல்லை தம்பி, எதிரொலி திரும்பவில்லை என்று அர்த்தம். பம்பர் சரிவாக இருந்தால் ஒலி மேலேயோ பக்கவாட்டிலோ தெறித்துப் போய்விடும். எங்கள் வீட்டில் சென்சாரை நம்பர் பிளேட் உயரத்துக்கு இறக்கி நேராகப் பார்க்க வைத்தேன், அது தட்டையான தகடு என்பதால் எதிரொலி ஒழுங்காக வந்தது. நிரலிலும் 0 வந்தால் தூக்கிப் போடுங்கள்:

```
long t = pulseIn(ECHO, HIGH, 25000);
if (t == 0) return;
float cm = t / 58.0;
```

அப்புறம் கடைசி ஐந்து அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். 60 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அளந்தால் விளக்கு 0.12 நொடி பிந்தும், கார் நொடிக்கு அரை மீட்டர் ஊர்ந்தால் அது 6 செ.மீ., ஆகவே சிவப்பை 46-இல் வையுங்கள். வந்த சிவப்பு 52 தாண்டினால்தான் மாற வேண்டும், இல்லையென்றால் எல்லையில் நின்று நடுங்கும். எக்கோ கால் 5 வோல்ட் தரும், ESP32-க்கு நேராகக் கொடுக்காதீர்கள், 1கே, 2கே ரெசிஸ்டர் போட்டுக் குறையுங்கள்.

மீனா: என் காரில் ரிவர்ஸ் சென்சார் மழையில் சும்மா கத்துகிறது, அதற்கும் இந்த நிரல் உதவுமா அண்ணா?

பழைய சால்டர்: அது வேறம்மா, இது சுவரில் மாட்டுவது. உங்களுடையதில் முதலில் சென்சார் முகத்தில் சேறோ நீர்த்துளியோ இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

ஷெட்டுக்காரன்: இறக்கி மாட்டினேன், 0 அநேகமாக நின்றுவிட்டது. இதற்குப் பதில் அகச்சிவப்பு ஒளியால் தூரம் அளக்கும் VL53L1X போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா? கார் கறுப்பு, ஷட்டர் மேற்குப் பக்கம்.

நிலா: நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். மாலை வெயில் நேராக அடிக்கும்போது நீள்தூர முறையில் ஒரு மீட்டர்கூடத் தேறவில்லை, குறுந்தூர முறைக்கு மாற்றியதும் 1.3 மீட்டர் வரை நிலையாக வருகிறது. பச்சை தாமதமாகத்தான் வரும், நிறுத்த அது போதும். என் கார் வெள்ளை, கறுப்பில் எப்படி என்று சோதித்ததில்லை.

குமரன்: கறுப்பு பெயிண்ட் அகச்சிவப்பை விழுங்கும், வேலைக்கே ஆகாது.

பழைய சால்டர்: பளபளப்பான பெயிண்டும் மேட் பிளாஸ்டிக்கும் ஒன்றில்லை. நம்பர் பிளேட் வெள்ளைதானே, அதில் குறிவைத்துப் பாருங்கள். ஆனால் ஒளிக்கூம்பு 27 டிகிரி, ஒரு மீட்டரில் அரை மீட்டர் அகலம் விரியும், பம்பரும் உள்ளே வந்துவிடும். எது ஜெயிக்கிறது என்று வெயில் இருக்கும்போதே அளந்து போடுங்கள்.