கொழுந்தனாருக்கு இன்னும் எத்தனை தடவை?

கரூர் மருமகள்:
இருவரும் வேலைக்குப் போகிறோம். என் வீட்டுக்காரரின் தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறார். முதலில் கடை அட்வான்சுக்கு 40,000 கேட்டார், கொடுத்தோம். பிறகு சரக்கு எடுக்க 75,000. போன வருஷம் இவர் தன் பெயரில் பர்சனல் லோன் போட்டு 1,20,000 கொடுத்தார், அந்த இஎம்ஐ இன்னும் எங்கள் சம்பளத்தில்தான் போகிறது. ஒரு ரூபாய் திரும்பவில்லை. இப்போது என் அம்மா போட்ட 6 பவுன் செயினைக் கேட்கிறார். அவர் பெயரிலேயே வங்கியில் வைத்து இரண்டரை லட்சம் எடுத்து, ஒரே வருஷத்தில் மீட்டுத் தருவாராம். "இதுதான் கடைசி" என்கிறார் என் வீட்டுக்காரர். போன தடவையும் அதையேதான் சொன்னார். எங்கே கோடு போடுவது?

தேன்மொழி:
இரண்டாவது தடவையே போட்டிருக்க வேண்டிய கோடு. வாங்கியதில் ஒரு ஆயிரமாவது திருப்பிக் கொடுத்தவருக்குத்தான் அடுத்த கடனைப் பற்றி யோசிக்கலாம். செயின் உங்கள் அம்மா போட்டது. முடியாது என்று சொல்ல உங்களுக்குக் காரணமே தேவையில்லை.

மூத்தவன்:
ஏங்க, கூடப் பிறந்தவன் கடையை இழுத்து மூடிவிட்டு நடுத்தெருவில் நின்றால் அண்ணன்காரன் வேடிக்கை பார்ப்பானா? நானும் வீட்டில் மூத்தவன்தான். உங்கள் வீட்டுக்காரர் ஏன் மறுக்க முடியாமல் தவிக்கிறார் என்று கேட்டீர்களா? ஒவ்வொரு வீட்டிலும் கணக்கில் வராத ஒரு பழைய பாக்கி இருக்கும்.

ஊர்க்காவலன்:
இது அப்பட்டமான வரதட்சணைக் கொடுமை. நேரே மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள் சகோதரி.

கரூர் மருமகள்:
ஊர்க்காவலன் அண்ணா, என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. மாமியார் இதில் வாயே திறக்கவில்லை. கேட்பது கொழுந்தனார், முடிவு எடுக்க வேண்டியது நாங்கள் இருவர்.

மூத்தவன் சார், நீங்கள் சொன்ன பழைய பாக்கி உண்மைதான். இவரை இன்ஜினியரிங் படிக்க வைக்க மாமனார் அரை ஏக்கர் விற்றார். அதற்கப்புறம் தம்பியைப் படிக்க வைக்கப் பணமில்லை, பிளஸ் டூவோடு நின்றுவிட்டார். "அவன் படிப்பில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்" என்பார் இவர். அதைக் கேட்டால் எனக்கும் பதில் சொல்ல வராது.

மூத்தவன்:
அதைத்தான் சொன்னேன். இதைக் கடன் என்று எழுதினால் எப்படிங்க? தம்பியின் பங்கு அது.

தேன்மொழி:
பங்கு என்றால் பங்காகவே கொடுக்கட்டும். அரை ஏக்கரில் தம்பிக்குச் சேர வேண்டியது இவ்வளவு என்று அண்ணன் தன் சம்பளத்திலிருந்து கொடுத்து முடித்துவிடலாம், அதற்கு ஒரு தொகை உண்டு, ஒரு முடிவும் உண்டு. கடன் என்ற பெயரில் கொடுத்தால் முடிவே வராது. மாமனார் விற்ற நிலத்துக்கு மருமகளின் அம்மா போட்ட செயின் எப்படி ஈடாகும்? அந்தக் கணக்கை மட்டும் எனக்கு யாராவது புரிய வையுங்கள்.

திருச்சி சேகர்:
என் கதை தலைகீழ். வாங்கியது என் மனைவியின் அண்ணன். முதல் இரண்டு தடவை கையில் கொடுத்தேன். மூன்றாவது தடவை புரோ நோட்டு எழுதித் தரச் சொன்னேன். எழுதினார், ஆனால் அன்றோடு எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். பொங்கல் வரிசை வருவதும் நின்றது, என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள். நோட்டு எழுதி மூன்று வருஷம் தாண்டிவிட்டது, இனி அது வெறும் காகிதம். அவரே மனம் மாறி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆகவே மருமகளே, எழுதி வாங்கிப் பயனில்லை. கொடுப்பதென்றால் போனது என்று கொடுங்கள்.

பழைய கேஷியர்:
சேகர் சொல்வதில் பாதி சரி. கேட்டால் கொடுக்க வேண்டிய நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம்தான், அதற்குள் வழக்குப் போட வேண்டும். அந்த 3 வருஷம் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் ஓடும். முடிந்த பிறகும் எல்லாம் போய்விடவில்லை. அந்தப் பழைய கடனைத் திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்திட்டு வாக்குக் கொடுத்தால் அது செல்லும், ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் மச்சான் எழுதித் தர வேண்டுமே, அது உங்கள் பாடு.

செயின் விஷயத்துக்கு வருகிறேன். நான் வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன். கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு முன்னால் யார் பெயரில் என்று பாருங்கள் அம்மா. கொழுந்தனார் பெயரில் வைத்தால், நகை தன்னுடையது என்று அவர்தான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவார். வங்கியைப் பொறுத்தவரை உங்களை யாரென்றே தெரியாது. வட்டி கட்டாமல் ஏலத்துக்கு வந்தால் நோட்டீஸ் அவர் முகவரிக்குப் போகும். மீட்கும் பணம் உங்கள் கையில் இருந்தாலும் அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நகை வெளியே வரும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அதே வங்கியில் அவருக்கு வேறு கடன் பாக்கி இருந்தால், நகைக்கடனைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்த பிறகும் வங்கி நகையைப் பிடித்து வைக்கலாம். ஜெனரல் லியன் என்பார்கள். வேறொருவருக்கு ஜாமீன் போட்டு அந்தக் கடன் நின்றிருந்தாலும் இதே கதைதான். கவுண்டரில் இதற்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் போய் வாங்கியவர்களும் உண்டு, வாங்க முடியாதவர்களும் உண்டு.

அவருக்கு எந்த வங்கியில் என்ன கடன் இருக்கிறது? இரண்டரை லட்சம் எதற்கு?

கரூர் மருமகள்:
சார், அதே வங்கியில்தான் அவருக்கு முத்ரா லோன் இருக்கிறது. மூன்று நான்கு தவணை நிற்கிறதாம். நேற்று இரவு இவரிடம் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. எதற்கு என்றால், "கடையில் தண்டல் வாங்கியிருக்கிறான், அதை அடைக்க" என்றார். மூன்று தண்டல், ஒவ்வொன்றும் 50,000.

தேன்மொழி:
ஆக, இது வட்டிக்காரருக்குப் போகும் செயின்.

பழைய கேஷியர்:
தண்டலா? அப்படியென்றால் கணக்கையே வேறு மாதிரி போட வேண்டும். வழக்கமான தண்டலில் 10,000 கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அதில் பாதிப் பணம்தான் 100 நாளும் அவர் கையில் இருக்கும். வருஷக் கணக்குக்கு மாற்றினால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். செல்போன் கவரும் சார்ஜரும் விற்கிற லாபத்தில் இதைக் கட்டவே முடியாது. ஆகவே ஒரு தண்டலைக் கட்ட அடுத்த தண்டல் வாங்குவார்கள்.

ஆனால் இதில் வட்டியை முதலிலேயே பிடித்துவிடுகிறார்கள் அல்லவா? பாதியில் மொத்தமாக அடைத்தாலும் பிடித்த வட்டியைப் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள். நகையை வைத்து இன்றே மூன்றையும் அடைப்பதால் அவருக்கு ஒரு ரூபாய் மிச்சமில்லை. உங்களுக்குப் புதிதாக நகைக்கடன் வட்டிதான் வரும். வட்டி 9 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டரை லட்சத்துக்கு வருஷம் 22,500. அதை முழுசாகக் கட்டினால்தான் திருப்பி வைக்கவும் முடியும்.

தண்டல் அட்டை மூன்றையும் வாங்கிப் பாருங்கள். இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று அதில் இருக்கும்.

மூத்தவன்:
கேஷியர் சார், கணக்கெல்லாம் சரி. தினம் சாயங்காலம் தண்டல்காரர் கடை வாசலில் வந்து நாலு பேர் எதிரில் சத்தம் போடும்போது இந்தக் கணக்கு அவனுக்கு உதவுமா? மானம் என்று ஒன்று இருக்கிறது. அந்த அவசரத்தில்தான் அண்ணனிடம் ஓடி வருகிறான். கடையிலேயே உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பழைய கேஷியர்:
உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. எவ்வளவு என்றுதான் கேட்கிறேன்.

கரூர் மருமகள்:
அட்டையை இவர் வாங்கி வந்துவிட்டார். கொழுந்தனார் முதலில் தர மறுத்தாராம், சத்தம் கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தினம் 500. ஒன்றில் 60 நாள் பாக்கி, ஒன்றில் 35, இன்னொன்றில் 20. கூட்டினால் 57,500 வருகிறது. இரண்டரை லட்சம் எங்கே, இது எங்கே? மிச்சம் எதற்கு என்று கேட்டால் "சரக்கு" என்கிறார், எந்தச் சரக்கு என்று சொல்லவில்லை.

தேன்மொழி:
இரண்டரை லட்சத்தில் 57,500 போக மீதிக்குப் பதில் வரும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள்.

திருச்சி சேகர்:
வேறு யாரிடமோ இன்னொரு கடன் இருக்கும். என் மச்சான் விஷயத்தில் அப்படித்தான் இருந்தது. ஒன்றைக் கேட்டால் இன்னொன்று கிளம்பும்.

பழைய கேஷியர்:
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஊகிக்க வேண்டாம். என் யோசனை இதுதான். செயின் வீட்டிலேயே இருக்கட்டும். இன்று மூன்றுக்கும் சேர்த்துத் தினம் 1,500. 20 நாளில் ஒரு அட்டை முடிந்து 1,000 ஆகும், 35ஆம் நாளுக்குப் பிறகு 500தான். கடை ஓட்டத்தில் அவரால் பாதி கட்ட முடிந்தால் மீதியை உங்கள் வீட்டுக்காரர் தன் சம்பளத்திலிருந்து கொடுக்கலாம். அவர் கையில் வேண்டாம், தண்டல்காரரிடம் நேராகவே கட்டி அட்டையில் குறித்து வாங்கட்டும். ஒரு நிபந்தனை மட்டும், முடிகிற அட்டைக்குப் பதில் புது அட்டை எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். அதுதான் கோடு. இரண்டாயிரமோ இரண்டு லட்சமோ, பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் வந்தால் உங்கள் பணம் அவரிடம் தங்காது, அவர் வழியாக வட்டிக்காரரிடம் போய்ச் சேரும்.

மூத்தவன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முத்ரா தவணை நின்றுபோனதை யார் பார்ப்பது? அது ஏறிக்கொண்டேதானே போகும்.

பழைய கேஷியர்:
அதற்கு அவரே மேனேஜரைப் போய்ப் பார்க்க வேண்டும். நின்ற தவணைக்கு என்ன வழி என்று கேட்டால் ஏதாவது சொல்வார்கள். போகாமல் ஒளிந்தால்தான் வம்பு. ஒன்று மட்டும் சொல்கிறேன் அம்மா, அங்கே உங்கள் வீட்டுக்காரரை ஜாமீன் போடச் சொன்னால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஜாமீன்தாரரும் கடன்காரரைப் போலவே முழுத் தொகைக்கும் பொறுப்பு. அவரை முதலில் கேட்டுவிட்டுத்தான் இவரிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயமில்லை.

தேன்மொழி:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தினம் கட்டுவதும் கொடுப்பதுதான். அந்த 57,500ஐயும் சேர்த்தால் நாலாவது தடவை. இதற்கு முன்னால் போன 2,35,000க்கு யாருமே கணக்குக் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

கரூர் மருமகள்:
கேட்டேன் அக்கா, இவரிடம்தான். முதல் இரண்டையும் நிலத்துக்கு ஈடாக விட்டுவிடலாம், பர்சனல் லோன் 1,20,000 மட்டும் தம்பி திருப்பித் தர வேண்டிய கடன் என்கிறார். எனக்கு அது பாதி சம்மதம். தன் சம்பளத்திலிருந்து என்றாலும் எங்கள் வீட்டு வாடகையும் அதிலிருந்துதான் போகிறது என்று சொன்னேன், அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. செயின் இல்லை என்று தம்பியிடம் அவரே சொல்லிவிட்டார். தினக்கட்டு யோசனையைச் சொன்னதற்குக் கொழுந்தனார், "என்னை நம்பாமல் தண்டல்காரன் கையில் நேரா கொடுப்பீங்களா" என்று கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் உட்கார்ந்து பேசலாம் என்று இருக்கிறோம்.

மூத்தவன்:
பேசும்போது நிலத்தை விற்ற கதையை நீங்களே முதலில் எடுங்கள். அவர் எடுத்தால் சண்டையாகிவிடும்.

தேன்மொழி:
போகும்போது அந்த மூன்று அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.