டீசல் என்னுடையது, மணிக்கணக்கு அவருடையது: ஆறு ஏக்கர் உழவில் நான் மிச்சம் பிடித்தது எங்கே?

கரிசல்காட்டுக்காரி

"டீசலை நாமே வாங்கி ஊற்றினால் டிராக்டர் வாடகை மணிக்கு 650 ரூபாய்தான். வண்டிக்காரர் டீசலில் உழுதால் 1,200. ஒரு மணிக்கு நான்கு லிட்டர்தான் எரியும் என்பதால், மணிக்கு 178 ரூபாய் நம் மடியில் மிச்சம்." இப்படிச் சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை நம்பித்தான் அருப்புக்கோட்டைப் பக்கம் உள்ள என் ஆறு ஏக்கர் கரிசலைக் கோடை மழை ஈரத்தில் ஒன்பது கொத்துக் கலப்பையால் நெடுக்கும் குறுக்குமாக இரண்டு சால் உழவைத்தேன். ஒன்பது மணி நேரம் ஆயிற்று என்று 5,850 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நான் லிட்டர் 93 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த 45 லிட்டருக்கு 4,185 ரூபாய். ஆக மொத்தம் 10,035. அடுத்த காட்டுக்காரரும் ஆறு ஏக்கர்தான், அதே இரண்டு சால்தான். வண்டிக்காரர் டீசலில் ஏழரை மணி நேரத்தில் முடித்து 9,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். அந்த 178 ரூபாய் யார் மடியில் இருக்கிறது என்று எழுதியவரே வந்து சொல்லட்டும்.

மானாவாரி மன்னன்

எழுதியவன் நான்தான், எழுதியதில் மாற்றமும் இல்லை. ஒரு மணிக்கு நான்கு லிட்டர். ஒன்பது மணிக்கு 36 லிட்டர். நீங்கள் கொடுத்தது 45 லிட்டர் என்றால், மீதி ஒன்பது லிட்டர் எங்கே போயிற்று என்று ஓட்டுநரைத்தான் கேட்க வேண்டுமே தவிர என்னை அல்ல. கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும்.

சாவி என் கையில்

ஓட்டுநர் திருடினார் என்று சொல்வதற்கு முன்னால் யோசித்து எழுத வேண்டும். நான் சொந்தமாக 45 குதிரைத்திறன் வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். கரிசலில் நான்கு லிட்டருக்கு உழுகிற வண்டி எந்தக் கம்பெனியில் விற்கிறது என்று மன்னர் தெரிவித்தால் நாளைக்கே முன்பணம் கட்டிவிடுகிறேன். ஆறு லிட்டருக்குக் குறையாது. அந்தக் கணக்குப்படி 54 லிட்டர் ஆகியிருக்க வேண்டும். 45 லிட்டரில் முடித்துக் கொடுத்த ஓட்டுநருக்கு அந்த அம்மா நன்றி சொல்ல வேண்டும்.

பழைய பட்டறை

நான் இருபத்தைந்து ஆண்டுகளாக வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறேன். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் ஓட்டினேன். நான்கும் இல்லை, ஆறும் இல்லை. 45 குதிரைத்திறன் வண்டி நின்ற இடத்தில் சும்மா உறுமிக்கொண்டிருந்தால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் எரிக்கும். முழுச் சுமையை ஏற்றினால் பத்து லிட்டரை நெருங்கும். உழவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நடக்கிறது. அது எங்கே என்பதை மண்ணின் ஈரமும், கொத்து இறங்கும் ஆழமும், சக்கரம் வழுக்குவதும் முடிவு செய்கின்றன.

அம்மா, உங்களிடம் ஒரு கேள்வி. வண்டி காட்டுக்குள் நுழைந்தபோது டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, வேலை முடிந்து வெளியேறியபோது எவ்வளவு இருந்தது?

கரிசல்காட்டுக்காரி

பார்க்கவில்லை, அண்ணாச்சி. மூன்று கேனையும் ஊற்றிவிட்டு வெறும் கேனைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பழைய பட்டறை

அப்படியானால் உங்களுக்குத் தெரிந்தது ஊற்றிய அளவு மட்டும்தான். எரிந்த அளவு உங்களுக்கும் தெரியாது, இங்கே அடித்துக்கொள்கிற இரண்டு பேருக்கும் தெரியாது. வண்டி காலி டேங்கோடு வந்து பாதி டேங்கோடு போயிருந்தால் அடுத்த ஊர் உழவுக்கும் நீங்களே டீசல் கொடுத்திருக்கிறீர்கள். அதேபோல அரை டேங்கோடு வந்து காலியாகப் போயிருந்தால் வண்டிக்காரர் தன் டீசலையும் சேர்த்து எரித்திருக்கிறார்.

டீசல் நம்முடையது என்று பேசினால் செய்ய வேண்டியது ஒன்றுதான். காட்டுக்குள் வந்ததும் சமதளத்தில் நிறுத்தி, டேங்கின் கழுத்துவரை நிரப்பிவிட்டு உழவைத் தொடங்க வேண்டும். முடிந்ததும் அதே இடத்தில், வண்டி அதே திசையைப் பார்த்து நிற்க, அளவுக் கேனால் மறுபடியும் கழுத்துவரை நிரப்ப வேண்டும். இரண்டாவது முறை எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் எரிந்தது. வண்டி சரிவில் நின்றால் சில லிட்டர்கள் கூடவோ குறையவோ காட்டும் என்பதால்தான் அதே இடம் என்கிறேன். முதலில் நிரப்பியது யாருடைய டீசல் என்பதை முன்பே பேசி வைத்தால், பிறகு யாரும் யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மானாவாரி மன்னன்

நானும் அதைத்தான் சொல்கிறேன்: அளந்திருந்தால் நான்கு லிட்டர்தான் வந்திருக்கும். என் காட்டில் அளந்தே பார்த்திருக்கிறேன்.

பழைய பட்டறை

உங்கள் காட்டில் நான்கு வந்திருக்கும் என்பதை நான் மறுக்கவே இல்லை. கொத்து எவ்வளவு ஆழம் இறங்கியது என்றும் அளந்தீர்களா? ஓட்டுநர் லிவரைச் சற்றே தூக்கி வைத்துக்கொண்டால், கலப்பை நான்கு விரற்கடை மண்ணைக் கிளறிக்கொண்டு பறக்கும். டீசலும் குறையும், நேரமும் குறையும், பார்வைக்கு உழுத காடாகவும் இருக்கும். சால் ஓடிய இடத்தில் ஒரு குச்சியைக் குத்திக் கெட்டித்தரை எங்கே தட்டுகிறது என்று நான்கைந்து இடங்களில் பார்த்தால்தான் அந்த நான்கு லிட்டருக்கு என்ன அர்த்தம் என்பது தெரியும். மேலாக உழுது மிச்சம் பிடித்த டீசலுக்கு ஆடி மழையில் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடுகிறபோது விலை கொடுப்பீர்கள்.

மானாவாரி மன்னன்

என் காட்டில் சோளம் ஆள் உயரம் நிற்கிறது. குச்சி குத்திப் பார்க்கிற வேலை பட்டறைக்காரர்களுக்கு இருக்கட்டும். நான்கு லிட்டர்.

கடைமடைக்காரன்

எங்கள் பக்கம் சேற்றுழவுக்கு இரும்புச் சக்கரம் மாட்டி ரோட்டவேட்டர் ஓட்டுகிறார்கள். எனக்கு ஒரு ஏக்கருக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது, டீசலும் மணிக்கு ஏழு லிட்டருக்குக் குறைந்ததில்லை. நீங்கள் எல்லோரும் நான்கு, ஆறு என்று பேசுவதைப் பார்த்தால் எங்கள் வண்டிக்காரர் என்னை ஏமாற்றுகிறார் என்றுதான் தோன்றுகிறது. இதற்கு யாரிடம் புகார் கொடுக்கலாம்?

சாவி என் கையில்

ஐயா, ரோட்டவேட்டர் என்பது இன்ஜின் சக்தியால் கத்தியைச் சுழற்றுகிற கருவி, அதுவும் சேற்றில். கொத்துக் கலப்பையோடு அதை ஒப்பிட்டுவிட்டு உங்கள் வண்டிக்காரர்மீது புகார் கொடுக்கப் போகாதீர்கள். எங்களைக் கள்ளனாக்குவதற்கு இங்கே ஏற்கெனவே ஒருவர் போதும்.

650 ரூபாயில் எங்களுக்கு என்ன நிற்கிறது என்பதையும் கேளுங்கள். ஓட்டுநர் கூலி, வங்கித் தவணை, 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது, தேய்கிற டயர், கரிசலில் வளைகிற கொத்து எல்லாம் அதற்குள்தான் அடங்குகின்றன. டீசல் உங்களுடையது என்று நீங்கள் சொன்னதும் நாங்கள் ஏதோ கொள்ளையடிக்க வருவதுபோலப் பேசுவது நியாயமில்லை.

பழைய பட்டறை

கொள்ளை என்று நான் சொல்லவில்லை, தம்பி. ஆனால் மணிக்கூலி உங்களுக்கு, டீசல் அவர்களுக்கு என்று பிரித்துக்கொண்டால், வேலை சீக்கிரம் முடிவதில் உங்களுக்கு என்ன லாபம்? டீசல் உங்களுடையதாக இருந்தால், வீணாக ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கையைக் கடிக்கும். ஆகவே ஓட்டுநரைத் தொலைபேசியில் விரட்டுவீர்கள். அவர்களுடையதாக இருக்கும்போது எட்டு மணியானாலும் ஒன்பது மணியானாலும் உங்களுக்குக் கூலி கூடத்தானே செய்கிறது?

இந்த அம்மாவின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 45 லிட்டரும் எரிந்ததாகவே வைத்தால் மணிக்கு ஐந்து லிட்டர், அதாவது 465 ரூபாய். 650-ஐச் சேர்த்தால் 1,115; அடுத்த காட்டின் 1,200-ஐவிட மணிக்கு 85 ரூபாய் மலிவுதான். மன்னர் சொன்னதில் பாதி உண்மை அங்கே இருக்கிறது. ஆனால் ஏழரை மணியில் முடிந்திருந்தால் அவருக்கு 8,362 ரூபாய்தான் ஆகியிருக்கும். கூடுதலாக ஓடிய ஒன்றரை மணி நேரம்தான் மிச்சத்தைத் தின்றுவிட்டு மேலும் ஆயிரம் ரூபாயையும் விழுங்கியது. மணிக்கு எத்தனை லிட்டர் என்று நீங்கள் சண்டை போடுகிறீர்கள். நான் ஏக்கருக்கு எத்தனை நிமிடம் என்று கேட்கிறேன்.

சாவி என் கையில்

அந்த ஒன்றரை மணி நேரத்தை ஓட்டுநர் வேண்டுமென்றே இழுத்தார் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அடுத்த காடு ஒரே நீளத் துண்டாக இருந்தால் வண்டி திரும்புகிற தடவை குறைவு. அம்மாவின் காடு எத்தனை துண்டு என்று ஒருவராவது கேட்டீர்களா?

கரிசல்காட்டுக்காரி

நான்கு துண்டு. அதில் ஒன்று கோணலானது. அதை நான் மறைக்கவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. ஆனால் காலையில் டீ குடிக்க நிறுத்தியபோதும், மத்தியானம் யாரோ ஒருவரோடு வரப்பில் நின்று பேசியபோதும் இன்ஜினை அணைக்கவே இல்லை. வண்டி மீட்டரைக் காட்டித்தான் ஒன்பது மணி என்றார்கள். வரப்பையும் ஓரிடத்தில் உடைத்துவிட்டுப் போனார்கள். அதை வெட்டிக் கட்ட ஓர் ஆள் கூலி தனி.

பழைய பட்டறை

மீட்டர் ஊசி மீட்டரா, எண் மீட்டரா? பழைய ஊசி மீட்டர் இன்ஜின் சுற்றைப் பொறுத்து ஓடும். வேகமாக முடுக்கினால் கடிகாரத்தைவிட முந்தும், சும்மா உறுமினால் பின்தங்கும். எண் மீட்டர் பெரும்பாலும் சாவி போட்ட நேரத்தை அப்படியே எண்ணும். டீ குடித்த நேரமும் உங்கள் கணக்கில் விழுந்திருக்கும். கடிகார மணியா மீட்டர் மணியா என்பதைப் பேசாமல் மணிக்கு 650 என்று மட்டும் பேசுவது அரைப் பேச்சு.

மானாவாரி மன்னன்

இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருந்தார்கள் என்று இப்போதுதானே சொல்கிறார்? அதைக் கழித்துப் பாருங்கள், நான்கு லிட்டர் வந்துவிடும்.

சாவி என் கையில்

சும்மா நிற்கிற வண்டிக்கு ஒரு லிட்டர் என்று உங்கள் பட்டறைக்காரரே சொல்லிவிட்டார். நின்ற நேரத்தைக் கழித்தால், உழுத நேரத்துக்கு மணிக்கு எரிந்தது ஐந்தைவிட ஏறுமே தவிர நான்குக்கு இறங்காது. கழித்தல் கூடத் தெரியாதவர் வாடகைக் கணக்கு எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

மானாவாரி மன்னன்

போன ஐப்பசியில் என் தம்பி காட்டுக்கு வருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாள் காய வைத்தது உங்கள் வண்டிதான் என்பது எனக்குத் தெரியும். ஈரம் போன பிறகு வந்து கட்டி கட்டியாகப் பெயர்த்துப் போட்டீர்கள். அன்றைக்கு எத்தனை லிட்டர் என்று அவனையே கேட்டுச் சொல்கிறேன்.

சாவி என் கையில்

கேளுங்கள். பாக்கி 1,300 ரூபாய் இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைமடைக்காரன்

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஏழு லிட்டர் சரியா, தவறா?

பழைய பட்டறை

சேற்றில் ரோட்டவேட்டருக்கு ஏழு என்பது நான் பார்க்காத எண் அல்ல. கழுத்துவரை நிரப்பி அளந்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

அம்மா, அடுத்த சால் எப்போது என்று சொல்லுங்கள். அளவுக் கேனோடு நானே வருகிறேன். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று, இறக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓடவிட்டு இரண்டு தூரத்தையும் அளந்து பார்ப்போம். நூறடிக்குப் பதினைந்து அடிக்கு மேல் குறைந்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டே உங்கள் டீசலைத் தின்கிறது என்று அர்த்தம்.

மானாவாரி மன்னன்

நானும் வருகிறேன். நான்கு லிட்டர் வந்தால் இங்கேயே எழுத வேண்டும்.

கரிசல்காட்டுக்காரி

இருவரும் வாருங்கள், கஞ்சி தருகிறேன். ஆனால் இந்தத் தடவை வண்டிக்காரர் டீசல்தான்.