ஆறு தடவை லேசர் வச்சும் தாடையில முடி: உங்களுக்கு எப்படி?

நெல்லைக்காரி

எனக்கு 29 வயசு. தாடைக்குக் கீழ, கழுத்து ஆரம்பிக்கிற இடத்துல கருகருன்னு முடி. பூனைமுடி இல்ல, தடவினா விரல்ல குத்தும். பஸ்ல ஜன்னலோர சீட் கிடைச்சா வெயில் மூஞ்சில விழும்னு தாடையில கையை வச்சுக்கிட்டே வருவேன். பிளக்கர் இல்லாம கைப்பையைத் தூக்கினதே இல்ல.

போன வருஷம் ஒரு பார்லர்ல ஆறு சிட்டிங்குக்கு மொத்தமா பணம் கட்டி லேசர் வச்சேன். மூணாவது முடிஞ்சதும் தாடை வழுவழுன்னு ஆச்சு. எல்லாம் முடிஞ்ச நாலாவது மாசம் அதே இடத்துல மறுபடி முளைக்குது. வெறும் பூனைமுடியா இருந்த கன்னத்தோரத்துலயும் இப்ப கருப்பா வருது. பீரியட்ஸ் எனக்கு எப்பவுமே 45 நாள், 60 நாள்னு தள்ளித்தான் வரும். லேசரே ஏமாத்து வேலையா? க்ரீம், மாத்திரைன்னு போய்ப் பார்த்தவங்க சொல்லுங்க.

வாணி அம்மா

காசைக் கரியாக்கிட்டியேம்மா. குப்பைமேனி இலையும் கஸ்தூரி மஞ்சளும் அரைச்சு ராத்திரி பூசு. எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாரும் அப்படித்தான். ஷேவ் மட்டும் பண்ணிடாதே, ஆம்பளைத் தாடி மாதிரி தடிச்சுப் போயிடும். பீரியட்ஸ் தள்ளிப் போறதுக்கும் முடிக்கும் சம்பந்தம் இருக்கு, நீர்க்கட்டியான்னு முதல்ல ஸ்கேன் எடு.

மெஷின் அக்கா

பத்து வருஷமா ஒரு தோல் கிளினிக்ல லேசர் மெஷின் பக்கத்துலதான் நிக்கறேன். எனக்கும் அந்த நீர்க்கட்டிப் பிரச்சனை, அதான் பிசிஓஎஸ், உண்டு, அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

வாணி அம்மா கடைசியா சொன்னது சரி. ஷேவ் விஷயம் சரியில்ல. பிளேடு முடியோட நுனியைத்தான் மொட்டையா வெட்டுது, அதனால தொட்டா சொரசொரன்னு இருக்கும். வேரை அது தொடறதே இல்ல. லேசர் வைக்கிற நாளுக்கு முன்னாடி நாங்களே ஷேவ் பண்ணிட்டு வரச் சொல்லுவோம். த்ரெட்டிங், வேக்ஸ், பிளக்கர் மூணும் நாலு வாரத்துக்கு ஆகாது. வேர்ல முடி இருந்தாத்தான் ஒளி அதோட கருப்பு நிறத்தைப் பிடிச்சுச் சூடாகும். நெல்லைக்காரி, சிட்டிங் நடந்த மாசங்கள்லயும் பிளக்கர் கையிலயே இருந்துச்சா?

நீங்க ஏமாந்தது லேசர்ல இல்ல, எதை முதல்ல பண்ணணும்ங்கிற வரிசையில. லேசர் இன்னைக்கு இருக்கிற முடியைச் சுடும். நாளைக்குப் பூனைமுடியைக் கருமுடியா மாத்தப்போறது ஆண்ட்ரோஜன்ங்கிற ஆண் ஹார்மோன். பிசிஓஎஸ்ல பல பேருக்கு இன்சுலின் கூடுதலா ஓடும். அது சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும். அதுமட்டுமில்ல, ரத்தத்துல அந்த ஹார்மோனைக் கட்டிப்போட்டு வைக்கிற எஸ்எச்பிஜி புரதத்தைக் கல்லீரல் குறைவா சுரக்கும். அதனால மொத்த டெஸ்டோஸ்டிரோன் நார்மல்னு ரிப்போர்ட் வந்தாலும், கட்டவிழ்ந்து திரியறது அதிகமா இருக்கும். தாடை வேர் அதைத்தான் உறிஞ்சுது.

கன்னத்தோரத்துல புதுசா வந்ததுக்கும் காரணம் இருக்கலாம். சூடு பத்தாம போனா லேசரே பக்கத்து பூனைமுடியைத் தட்டி எழுப்பிடும். மாநிறம், கருப்பு நிறத்துக்காரங்களுக்கு, அதுவும் ஹார்மோன் கோளாறு இருந்தா, தாடை ஓரத்துல இது நடக்கறதைப் பார்த்திருக்கேன். நம்ம நிறத்துக்கு 1064 என்டி-யாக்ங்கிற லேசர் மெஷின் பாதுகாப்பு. என்ன மெஷின், எவ்வளவு பவர்னு எழுதித் தராத இடத்துல உட்காராதீங்க.

கவிதா_தேனி

எனக்கும் இப்படித்தான், ஆனா காரணம் வேற. மூஞ்சி வெளுக்கும்னு மெடிக்கல்ல ஒரு டியூப் கேட்டு வாங்கி ஒன்றரை வருஷம் போட்டேன். முதல்ல பளபளன்னு இருந்துச்சு. அப்புறம் கன்னம் சிவந்து, பரு வந்து, காதோரம் முழுக்க மெல்லிசா முடி. ஸ்டீராய்டு கலந்த க்ரீம்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும். நிறுத்தினதும் முகம் தீயா எரிஞ்சுது, அதைத் தாண்ட மாசக்கணக்காச்சு. முடி கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துடுச்சு. நீங்க ஏதாவது வெளுக்கிற க்ரீம் போட்டீங்களா?

நெல்லைக்காரி

க்ரீம் எதுவும் போட்டதில்ல கவிதா. அக்கா, பிளக்கர் பத்திக் கேட்டதும் வெட்கமாப் போச்சு. வாரம் ரெண்டு தடவை பிடுங்கினேன், பார்லர்ல யாரும் வேண்டாம்னு சொல்லல. இப்ப என்ன டெஸ்ட் எடுக்கணும்?

மெஷின் அக்கா

அதை டாக்டர்தான் எழுதணும். எங்க கிளினிக்ல டெஸ்டோஸ்டிரோன், எஸ்எச்பிஜி, தைராய்டு, சர்க்கரை, அட்ரீனல் சுரப்பியைப் பார்க்க 17-ஓஎச்பின்னு ஒரு ஹார்மோன் கேட்பாங்க. பீரியட்ஸ் வந்த 2-ம் நாள்லேர்ந்து 5-ம் நாளுக்குள்ள, காலையில. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லிடுங்க, சில லேப்ல ஹார்மோன் அளவைத் தப்பாக் காட்டும். ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதீங்க: கொஞ்ச மாசத்துக்குள்ள முடி வேகமாப் பரவி, குரலும் தடிச்சா, அது வேற கதை. கட்டியான்னு உடனே பார்க்கணும்.

சரசு_52

எனக்கு 52. பீரியட்ஸ் நின்னு மூணு வருஷம். தாடையில நாலஞ்சு முடி, எல்லாம் வெள்ளை. எனக்கும் 1064 மெஷின் வைக்கலாமா?

மெஷின் அக்கா

வெள்ளை முடியில ஒளி பிடிக்கக் கருப்பே இல்லையே அக்கா, பணம்தான் போகும். ஊசி வச்சு ஒவ்வொரு வேரா மின்சாரம் விடற எலக்ட்ராலிசிஸ் ஒண்ணுதான் வழி. நாலஞ்சுதானே, தைரியமா பண்ணலாம்.

நெல்லைக்காரி (எட்டு மாசம் கழிச்சு)

கேட்டவங்களுக்காக எழுதறேன். டெஸ்டோஸ்டிரோன் 58, வரம்புக்குச் சும்மா ஒட்டித்தான் இருந்துச்சு. எஸ்எச்பிஜி 18, அதுதான் கீழே. அக்கா சொன்ன கதை அப்படியே என் ரிப்போர்ட்ல.

டாக்டர் கர்ப்பத்தடை மாத்திரையில ஆரம்பிச்சாங்க. அது எஸ்எச்பிஜியை ஏத்தும்னு சொன்னாங்க. எடுத்த எடுப்புலயே பிரஷர் பார்த்தாங்க, மைக்ரேன் இருக்கா, குடும்பத்துல யாருக்காவது கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கான்னு கேட்டாங்க. ரெண்டு மூணு மாசத்துல ஒண்ணும் மாறல, வாணி அம்மா மஞ்சளுக்கே போயிடலாமான்னு இருந்துச்சு. ஏற்கெனவே முளைச்ச முடி தன் சுத்தை முடிச்சு விழ ஆறு மாசம் ஆகும், அதுவரை மாத்திரையை எடை போடாதேன்னாங்க. ஆறாவது மாசம் ஆண் ஹார்மோனைத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் சேர்த்தாங்க. இது இருக்கிறப்போ கரு தங்கவே கூடாது, வயித்துல ஆண் குழந்தை இருந்தா அதோட வளர்ச்சியைக் கெடுக்கும்னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க.

எஃப்ளோர்னிதின் க்ரீமும் காலை மாலை தடவினேன். அது முடியை எடுக்காது, வளர்ற வேகத்தை மட்டும் குறைக்கும். எட்டு வாரத்துல வித்தியாசம் தெரிஞ்சுது. ஊருக்குப் போன மாசம் டியூப் தீர்ந்து வாங்காம விட்டேன், கொஞ்ச நாள்லயே பழைய வேகம்.

தாடையில தினமும் பிடுங்கினது போய் இப்ப வாரம் ஒரு தடவை டிரிம்மர், அதுவும் ஏழெட்டு முடிக்கு. மறுபடி லேசர் ஆரம்பிச்சிருக்கோம், இந்தத் தடவை தோல் டாக்டர்கிட்ட, பிளக்கரை அம்மாகிட்டக் கொடுத்துட்டு.

ரெண்டு விஷயம் தீரல. வீட்ல மாப்பிள்ளை பார்க்கறாங்க. குழந்தைன்னு யோசிக்கும்போது ரெண்டு மாத்திரையையும் நிறுத்தணும், நிறுத்தினா முடி திரும்பும்னு டாக்டர் ஒளிவு மறைவில்லாம சொல்லிட்டாங்க. கன்னத்தோரத்துல புதுசா வந்ததுல லேசர் வைக்க அவங்களே தயங்கறாங்க, மறுபடி கிளப்பிவிட்டுடுமோன்னு. அங்க மட்டும் இப்பவும் டிரிம்மர்தான்.

கவிதா_தேனி

மாப்பிள்ளை வீட்ல சொல்லப்போறீங்களா?

நெல்லைக்காரி

மாத்திரை பத்திக் கண்டிப்பா. முடி பத்தி இன்னும் முடிவு பண்ணல.