நடுராத்திரி 20 ரூபா ஆர்டரா வந்து குவிஞ்சுது, உங்க யாருக்காவது இப்படி ஆச்சா?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
மாங்கூழ் டின், வத்தல் எல்லாம் ஆன்லைன்ல விக்கிறோம், வூகாமர்ஸ் கடை. துபாய், சிங்கப்பூர்ல இருக்கற நம்மாளுங்க ஊர்ல அப்பா அம்மாவுக்கு அனுப்பச் சொல்லி ஆர்டர் போடுவாங்க, அதனால வெளிநாட்டு கார்டும் திறந்து வச்சிருக்கோம். கடையிலயே விலை கம்மி 20 ரூபா மாங்கா மிட்டாய்தான். போன வாரம் காலைல லிஸ்ட்ட திறந்தா பக்கம் பக்கமா ஃபெயில்டு, எல்லாம் அதே மிட்டாய், ராத்திரி ரெண்டேகால்ல இருந்து அரை மணி நேரத்துல 140 ஆர்டர், ஐபி ஒண்ணே ஒண்ணு. பேரும் மெயிலும் ஒவ்வொண்ணுலயும் வேற, மெயில் ஐடி எல்லாம் கன்னாபின்னா எழுத்து. கேட்வேல பாத்தா கார்டோட கடைசி நாலு நம்பர் மாறிட்டே போகுது, ஆனா எல்லாமே ஒரே வெளிநாட்டு பேங்க்கு கார்டு.

இதுல மூணு ஆர்டர் மட்டும் பாஸ் ஆயிருக்கு. நான் வர்றதுக்குள்ள பேக்கிங் பையன் அந்த மூணுக்கும் மிட்டாய கவர்ல போட்டு அட்ரஸ் ஒட்டிட்டு நிக்கிறான். அந்தக் கவர் இன்னும் கண்ணுலயே நிக்குது.

கேக்கு_தர்மபுரி
அந்த ஐபிய பிளாக் பண்ணுங்க, முடிஞ்சது. எனக்கும் வந்துச்சு, பிளாக் பண்ணேன், அப்புறம் வரல.

சாமை_பென்னாகரம்
அய்யோ அப்ப எனக்கும் அட்டாக்கா? நேத்து ஒரு அம்மா ராகி மாவுக்கு காசு கட்டறாங்க, திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகுது, ஒரே ஐபில இருந்துதான் வந்துச்சு, யுபிஐ.

ஓசூர்_டெவ்
சாமை அண்ணா, அது பேங்க்கு சர்வர் படுத்திருக்கும், அந்தம்மாவ திட்டிடாதீங்க. ஒரு ஆளு, ஒரே மெயிலு, அதே சாமான், ஃபெயில் ஆனா கொஞ்சம் யோசிச்சு திரும்ப முயற்சி பண்ணுவாங்க. கார்டு டெஸ்ட்டுல சாமான் ஒண்ணுதான், ஆனா கார்டு மாறிட்டே இருக்கும், ரெண்டு முயற்சிக்கு நடுவுல சில செகண்டுதான் இடைவெளி. திருட்டு கார்டு லிஸ்ட்டுல எது உயிரோட இருக்குன்னு பாக்கத்தான் 20 ரூபா, மிட்டாய் அவனுக்கு வேண்டாம். நம்மூர் கார்டுக்கு ஓடிபி கேக்கும், அதனால வெளிநாட்டு கார்டு வாங்கற கடையாத்தான் தேடுவான்.

கேக்கு சொல்ற ஐபி பிளாக் அன்னைக்கு ராத்திரிக்கு சரி, புத்திசாலியா இருந்தா அடுத்த தடவை ஆர்டருக்கு ஒரு ஐபியா வருவான். அப்ப ஐபிய விட்டுட்டு அதே விலை, அதே பேங்க்கு, அதே நேரம்னு சேத்துப் பாக்கணும். நான் ஓட்டற குவெரி இது, ஆர்டருக்கு தனி டேபிள் இருக்கற புது வூகாமர்ஸ்ல மட்டும் ஓடும்:

```
SELECT ip_address, COUNT(*) AS n,
  COUNT(DISTINCT billing_email) AS mails
FROM wp_wc_orders
WHERE status='wc-failed' AND total_amount<50
GROUP BY ip_address, DATE(date_created_gmt)
HAVING n>10;
```

n-ம் mails-ம் கிட்டத்தட்ட ஒண்ணா வந்தா சந்தேகமே வேண்டாம். n நிறைய, mails 1னா ஆர்டர திறந்து பாருங்க, பொறுமையில்லாத கஸ்டமராவும் இருக்கலாம். நேரம் ஜிஎம்டில இருக்கும், அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கங்க. இன்னொண்ணு, சில பாட் புரோகிராம் ஒரே ஆர்டர வச்சுக்கிட்டே கார்ட மாத்தி மாத்தி அடிக்கும், அப்ப லிஸ்ட்டுல ஒரு ஃபெயில்டுதான் தெரியும், உள்ள ஆர்டர் நோட்ஸ்ல வரிசையா டிக்ளைன் கெடக்கும். இந்தக் குவெரிக்கு அது மாட்டாது.

கேக்கு_தர்மபுரி
இவ்வளவு பெரிய பாடம் யாரு கேட்டா? எனக்கு நின்னுடுச்சுன்னுதான சொன்னேன்.

ஓசூர்_டெவ்
நின்னுச்சா, இல்ல அவன் லிஸ்ட்டு முடிஞ்சு போயிட்டானா?

ரோஜா_பாகலூர்
பிளாக் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கங்க. எங்க சைட்டு கிளவுட்ஃபிளேர் பின்னாடி இருக்கு, அசல் ஐபி வர்ற மாதிரி செட் பண்ணாம விட்டிருந்தாரு முன்னாடி இருந்த டெவலப்பர், அதனால நல்ல கஸ்டமர் ஆர்டர்லயும் கிளவுட்ஃபிளேர் ஐபிதான் நிக்கும். அவரு அத திருடன்னு நெனச்சு சர்வர்ல பிளாக் பண்ணாரு, கல்யாண சீசன்ல பாதி பேருக்கு சைட்டே திறக்கல. மாங்கூழ் அண்ணா, அந்த ஐபில பழைய கஸ்டமர் யாராவது ஆர்டர் போட்டிருக்காங்களான்னு மொதல்ல தேடுங்க.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
தேடிட்டேன்மா, யாரும் இல்ல, ஏதோ வெளிநாட்டு ஹோஸ்டிங் கம்பெனி ஐபி. அந்த மூணையும் என்ன பண்றது, 60 ரூபாதான, விட்டுடலாமா?

ஓசூர்_டெவ்
விடாதீங்க, இன்னைக்கே ரீஃபண்ட் போடுங்க. கார்டுக்கு சொந்தக்காரர் ஸ்டேட்மெண்ட்ட பாத்து பேங்க்குல சொல்லிட்டா சார்ஜ்பேக் வரும், அதுக்கு கேட்வே எடுக்கற கட்டணம் 20 ரூபாய விட அதிகமா இருக்கும். கேட்வே சப்போர்ட்டுக்கும் ஐபி, நேரம் போட்டு ஒரு மெயில் தட்டுங்க. செக்அவுட்டுல கேப்ட்சா வைங்க, ஆனா அந்தப் பக்கத்துல மட்டும் வச்சா பத்தாது, `/wp-json/wc/store/v1/checkout`க்கு பக்கத்தையே திறக்காம நேரா அடிப்பானுங்க, அங்கயும் தடுக்கற பிளக்இன்னா பாத்துப் போடுங்க.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
ரீஃபண்ட் போட்டாச்சு. வெளிநாட்டு கார்ட மூடிடலாம்னு வீட்ல சொல்றாங்க, மூடினா துபாய் ஆர்டர் போயிடும். ஆர்டர் 300 ரூபாய்க்கு மேல இருந்தாத்தான் வெளிநாட்டு கார்டுன்னு வைக்க முடியுமா? யாராவது வச்சிருக்கீங்களா?

சாமை_பென்னாகரம்
அந்தம்மாவுக்கு போன் பண்ணேன், பக்கத்து வீட்டுக்காரர் போன்ல இருந்து கட்டிட்டாங்க. 300 வச்சா 300க்கு டெஸ்ட் பண்ண மாட்டானா?