சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் வெடிப்பு: உங்கள் வீட்டில் எப்படி?

நெல்லைவாசி

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு, கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. சமையலறை ஜன்னல் மேலே இருக்கிற சன்ஷேடில் ஒரு அரசஞ்செடி முளைத்திருந்தது. ஏணி போட்டு ஏறிப் பிடுங்கினேன். வேர் சுவரை ஒட்டியே ஒரு முழ நீளம் நேராக ஓடியிருந்தது. வேரை உருவிய இடத்தில், சன்ஷேடின் மேல்பக்கம் சுவரோடு சேருகிற மூலையில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூல் பிடித்த மாதிரி ஒரு வெடிப்பு.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "பூச்சு வெடிப்புதான் சார்" என்று வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைத்துவிட்டுப் போனார். ஒரு கோடை தாண்டியதும் அதே இடத்தில் மறுபடி பிளந்தது. சந்தேகம் வந்து மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் அடிப்பக்கம், சுவரை ஒட்டிச் சொட்டியது. பூச்சைக் கொத்தி எடுத்துப் பார்த்தால் வெடிப்பு கான்கிரீட்டிலேயே இருக்கிறது. ஹேக்சா பிளேடு இரண்டு அங்குலம் தாராளமாக உள்ளே போகிறது.

சன்ஷேடு ஏழு அடி நீளம், இரண்டு அடி நீட்டம். சுவரோரம் நாலு அங்குல கனம், நுனியில் மூன்று. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

கோபி திருப்பூர்

கம்பி பத்தவில்லை அண்ணே, வேறென்ன. எல்லோரும் எட்டு எம்எம் போட்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நான் கூடவே நின்று பத்து எம்எம் கம்பியை ஐந்து அங்குலத்துக்கு ஒன்றாகப் போட வைத்தேன். பன்னிரண்டு வருடம் ஆச்சு, ஒரு கீறல் கிடையாது.

தேன்மொழி

எங்கள் வீட்டிலும் ஜன்னல் பக்கம் வெடிப்பு இருக்கிறது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக இறங்குகிறது. அதுவும் சன்ஷேடு கனத்தால்தானா? சன்ஷேடு மேலே ஏசியின் வெளி யூனிட்டை வேறு வைத்திருக்கிறோம், பயமாக இருக்கிறது.

பழைய ஓவர்சியர்

தேன்மொழி அம்மா, நீங்கள் சொல்வது வேறு சமாச்சாரம். ஜன்னலின் கீழ் மூலையில் சாய்வாக வருவது சுவரின் வெடிப்பு, அதற்கும் சன்ஷேடுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஏசி யூனிட்டை மட்டும் அங்கிருந்து எடுத்து, சுவரில் தாங்கி அடித்து மாட்டிவிடுங்கள். கனத்தைவிட, அது நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருப்பதும் அதன் தண்ணீர் அங்கேயே நிற்பதும்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கோபி தம்பி, கம்பிதான் காரணம் என்பதில் பாதி சரி. எத்தனை எம்எம் என்பதைவிட, அது கான்கிரீட்டில் எந்த உயரத்தில் கிடக்கிறது என்பதுதான் கேள்வி. வீட்டுத் தளம் இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும், நடுவில் கீழ்நோக்கித் தொய்யப் பார்க்கும். அதனால் அடிப்பக்கம் இழுபடும், கம்பியும் அடியில் இருக்கும். சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிற பலகை. நுனி தாழும்போது சுவரோரத்தில் மேல்பக்கம்தான் பிரியப் பார்க்கும். அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும். நாலு அங்குல கனம் என்றால் மேலிருந்து முக்கால் அல்லது ஒரு அங்குலம் விட்டு எட்டு எம்எம், ஆறு அங்குலத்துக்கு ஒன்று. சாதாரண இரண்டடி சன்ஷேடுக்கு அது தாராளம்.

நெல்லைவாசி, நீங்கள் கொத்திய இடத்தில் மேலே கம்பி தென்பட்டதா? இதை முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

நெல்லைவாசி

சார், நேற்று ஒரு ஆளை வைத்து ஒரு சாண் அகலத்துக்கு மேலிருந்து உடைத்துப் பார்த்தேன். ஒரு அங்குலத்தில் இல்லை, இரண்டு அங்குலத்திலும் இல்லை. கிட்டத்தட்ட அடிக்கே போய்விட்டோம், அடியிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் கிடக்கிறது. வெடிப்பு அதைக் குறுக்கே தாண்டுகிற இடத்தில் கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாக வருகிறது. எட்டு எம்எம் கம்பி அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆறுகூட இருக்காது. இரண்டு அங்குலம் தள்ளினால் நன்றாகவே இருக்கிறது.

கம்பிகட்டி முருகன்

நான் இருபது வருடமாகக் கம்பி வேலை பார்க்கிறேன், அதனால் எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நாங்கள் மேலேதான் கட்டிவிட்டு வருவோம். கட்டி முடித்த பிறகுதான் கூத்து. சன்ஷேடு கம்பி லிண்டலிலிருந்து இரண்டடி வெளியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் பிடிப்பு கிடையாது. கலவைச் சட்டியைத் தூக்கி வருகிற ஆள் அதன் மேலேயே காலை வைத்து ஏறுவார். எட்டு எம்எம் கம்பி ஒரு மிதியில் பலகையோடு படுத்துவிடும். கலவை விழுந்த பிறகு யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

அதற்கு ஒரே வழி, தாங்கு கம்பி. நாங்கள் சேர் என்போம். துண்டுக் கம்பியை வளைத்து இரண்டடிக்கு ஒன்று அடியில் நிறுத்தினால் மிதித்தாலும் இறங்காது. அதற்கு வீட்டுக்கு மொத்தமாக மூன்று நாலு கிலோ துண்டுக் கம்பி போதும், வேலையிடத்தில் சும்மா கிடப்பதுதான். ஆனால் கேட்டால், "சன்ஷேடுக்கெல்லாம் எதுக்குப்பா" என்பார்கள்.

இன்னொன்று, கம்பி லிண்டலுக்குள் எவ்வளவு போகிறது என்பது. சிலர் லிண்டலின் முன் கம்பியிலேயே ஒரு கொக்கி மாட்டி விட்டுவிடுகிறார்கள். அது பிடிக்காது. லிண்டலைக் குறுக்கே கடந்து, பின்பக்கம் இறங்கி, அடியில் கொஞ்சம் திரும்பி வர வேண்டும்.

பழைய ஓவர்சியர்

முருகன் சொன்னது அவ்வளவும் உண்மை. எம்20 கான்கிரீட்டில் எட்டு எம்எம் முறுக்குக் கம்பி முழுசாகப் பிடிக்க ஏறக்குறைய பதினைந்து அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் நேராக விட்டால் எட்டு அங்குலத்துக்கு மேல் இடம் இல்லை. அதனால்தான் அந்த வளைவு.

கோபி திருப்பூர்

சரி சார், ஒன்று கேட்கிறேன். கம்பி அடியிலேயே கிடக்கிறது, அதாவது இல்லாத மாதிரி. அப்படியானால் ஒன்பது வருடம் அது எப்படி நின்றது? முதல் நாளே விழுந்திருக்க வேண்டாமா?

பழைய ஓவர்சியர்

நல்ல கேள்வி தம்பி. இந்த சன்ஷேடின் எடையைப் போட்டுப் பாருங்கள். ஏழடிக்கு இரண்டடி, சராசரி மூன்றரை அங்குலம், கிட்டத்தட்ட 4 கன அடி. கன அடிக்கு 70 கிலோ வைத்தால் 280 கிலோ. மேலும் கீழும் பூச்சைச் சேர்த்தால் 350 கிலோ பக்கம். இது ஏழடி நீளத்துக்குப் பரவி நிற்கிறது. நல்ல கான்கிரீட் ஒரே வார்ப்பாக நாலு அங்குல கனத்தில் இருந்தால், இந்தச் சொந்த எடைக்குக் கம்பியே இல்லாமல்கூடப் பிளக்காது. அடியில் கிடக்கிற கம்பியும் சும்மா இல்லை. கொஞ்சம் பிடிக்கிறது, ஆனால் வெடிப்பு மேலிருந்து மூன்று அங்குல ஆழம் திறந்த பிறகுதான் அதற்கு வேலையே வருகிறது. அந்தத் திறப்பு வழியாகத் தண்ணீர் நேராகக் கம்பிக்கே போகிறது. அதனால் இது விழுவது என்றால், கட்டிய அன்று விழாது. துரு தின்று முடித்த பிறகு ஒருநாள், பெரும்பாலும் பெயிண்ட் அடிக்கிற ஆள் மேலே ஏறி நிற்கும்போது விழும்.

அப்படியானால் முதலில் எது பிளக்க வைத்தது என்று கேட்க வேண்டும். நெல்லைவாசி, லிண்டலும் சன்ஷேடும் ஒரே நாளில் போட்டதா?

நெல்லைவாசி

இல்லை சார். அந்த வாரம் சிமெண்ட் தீர்ந்துபோனது. லிண்டலைச் சனிக்கிழமை போட்டார்கள். கம்பியை வெளியே நீட்டி விட்டு, சன்ஷேடைச் செவ்வாய்க்கிழமை போட்டார்கள். போட்டோ இருக்கிறது, அதில் தேதியும் இருக்கிறது. போட்டோவில் கம்பிகள் சோர்ந்து கீழே தொங்குவதும் தெரிகிறது. அப்போது எனக்கு அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

பழைய ஓவர்சியர்

அதுதான். இறுகிப்போன லிண்டல் முகத்தில் மூன்று நாள் கழித்துப் புதுக் கலவையை ஒட்டினால் அது ஒட்டாது, சாய்ந்து நிற்கும். முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சிமெண்ட் பால் தெளித்திருந்தால்கூடக் கொஞ்சம் பிடித்திருக்கும். உங்கள் வெடிப்பு கோடு பிடித்த மாதிரி நேராக இருப்பதும், தண்ணீர் அடி வரை இறங்குவதும் இந்தத் தையல் பிரிந்ததைத்தான் காட்டுகிறது. வெறும் பாரத்தால் வந்தது மேலே மட்டும் திறந்து, கீழே மூடியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, முட்டுக்கட்டையைச் சீக்கிரம் உருவுவது. தொண்ணூறுகளில் ஒரு தொகுப்பு வீட்டு வேலையில் என் கண் முன்னால் நடந்தது. சன்ஷேடு போட்டு ஐந்தாம் நாள், அதற்கு மேலே ஒரு வரிசைச் செங்கல்கூட வைக்காத நிலையில், பலகை வேண்டும் என்று முட்டுக்கட்டையை எடுத்தார்கள். சன்ஷேடு வெடிக்கவே இல்லை. லிண்டலோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் கவிழ்ந்து இறங்கியது. நல்லவேளை, சாப்பாட்டு நேரம், கீழே ஆள் இல்லை.

நெல்லைவாசி வீட்டு அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். 350 கிலோ சுவருக்கு வெளியே ஒரு அடி தள்ளி இழுக்கிறது. ஏழடி லிண்டலின் எடை 180 கிலோதான், அதுவும் சுவர் முகத்திலிருந்து நாலரை அங்குலம் உள்ளேதான் அமுக்குகிறது. எடையை அடிக் கணக்கில் தூரத்தால் பெருக்கினால் 350-க்கு எதிராக 67 என்று கணக்கு வருகிறது, ஐந்தில் ஒரு பங்கு. மேலே நாலடிச் சுவர் எழும்பினால்தான் அது 500-ஐத் தொடும். அதனால் பதினாலு நாள் ஆனாலும், மேல் சுவர் ஏறாமல் நான் முட்டுக்கட்டையை எடுக்க விட்டதில்லை. தூண் போட்ட வீட்டில் லிண்டல் தூணோடு பிடித்திருந்தால் கணக்கு வேறு.

தேன்மொழி

ஏசியை இறக்கிவிட்டோம். அடியில் துருக்கறை மாதிரி பழுப்பாக ஒரு கோடு இருக்கிறது. அது ஏசி ஸ்டாண்டின் துருவாக இருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

கம்பிகட்டி முருகன்

அக்கா, அடியில் சுத்தியலால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். டொக் டொக்கென்று கெட்டிச் சத்தம் வந்தால் ஸ்டாண்டு துருவாக இருக்கலாம். பொள்ளலாகச் சத்தம் வந்தால் உள்கம்பி உப்புகிறது. தட்டும்போது யாரும் நேர் கீழே நிற்க வேண்டாம்.

நெல்லைவாசி

இப்போது எனக்கு இரண்டு யோசனை வந்திருக்கிறது. ஒரு கான்டிராக்டர், சன்ஷேடை உடைத்துவிட்டு, லிண்டலில் துளையிட்டு ரசாயனப் பசை வைத்துப் புதுக் கம்பி நட்டு, மறுபடி வார்த்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், கான்கிரீட்டே வேண்டாம், ஆங்கிள் தாங்கி அடித்துத் தகடு போடுங்கள் என்கிறார்.

கோபி திருப்பூர்

பசை வைத்த கம்பி உருவவே உருவாதுண்ணே. எங்கள் கம்பெனியில் மெஷின் போல்ட் எல்லாம் அப்படித்தான் நட்டிருக்கிறோம்.

பழைய ஓவர்சியர்

தம்பி, அந்த போல்ட் கனமான தரையில் நட்டது. இங்கே ஆறு அங்குல உயர லிண்டலில், விளிம்பு பக்கத்திலேயே துளை வருகிறது. கம்பி உருவாவிட்டாலும் லிண்டல் மூலை பெயரலாம். உள்ளே வளையம் எத்தனை போட்டிருக்கிறார்கள் என்றும் நமக்குத் தெரியாது. என் வீடாக இருந்தால் தகடுதான். ஆனால் நேரில் பார்த்த ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் துளை போடலாம் என்றால் நான் மறுக்க மாட்டேன்.

எது செய்தாலும், இன்றைக்கே அடியில் இரண்டு முட்டுக் கொடுங்கள்.

நெல்லைவாசி

முட்டுக் கொடுத்தாச்சு சார். அதே கொத்தனார், அதே வாரத்தில் போட்ட சன்ஷேடு இன்னும் நாலு இருக்கிறது. மூன்றில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சொட்டவில்லை. நாலாவது சன்ஷேடு மாடி ஜன்னல் மேலே இருக்கிறது, ஏணி எட்டவில்லை. சனிக்கிழமை சாரம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.