கொழிஞ்சாம்பாறை வீட்டுக் குழு: பெரிய அத்தையின் முட்டிக்கான பயிற்சித் தாள்

செல்வி, காலை 7:10
பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் அத்தைக்குக் கொடுத்த பயிற்சித் தாளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். மலையாளத்தில் இருக்கிறது. நான்காவது பயிற்சியில் முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்; ஆனால் அடியில் சிவப்பு மையில், முட்டிக்குக் கீழே தலையணை வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அறுவை முடிந்து இது மூன்றாவது வாரம். தலையணை இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்று அத்தை தினமும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். ரம்யா, இவற்றில் எதைப் பின்பற்றுவது?

முருகேசன் மாமா, காலை 7:24
முட்டி மாற்றியவர்களுக்கு மடக்குவதுதான் முக்கியம். அக்காவுக்குத் தொண்ணூறு டிகிரி வந்துவிட்டது என்று போன வாரமே சொன்னார்கள். வலித்தாலும் யாராவது பிடித்து இன்னும் கொஞ்சம் மடக்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் நடக்க நடக்கத் தானாகச் சரியாகிவிடும்.

ரம்யா, காலை 8:02
அப்பா, மடக்குவது முக்கியம் என்பது சரிதான். ஆனால் அது சில மாதங்கள் வரை கூடிக்கொண்டே போகும். முழுவதும் நீட்ட வராத முட்டியை முதல் சில வாரங்களில் கவனிக்காமல் விட்டால், பின்னால் மீட்பதுதான் கடினம். வீங்கிய மூட்டைச் சற்று மடக்கி வைத்தால் உள்ளே நீருக்கு இடம் கிடைக்கிறது. அதனால்தான் அத்தைக்குத் தலையணை சுகமாக இருக்கிறது. இரவு முழுக்க அப்படியே கிடந்தால் முட்டியின் பின்பக்கம் இறுகிப்போகும். பிறகு நிற்கும்போதும் முட்டி மடங்கியே இருக்கும், தொடைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது, நாலு எட்டு வைப்பதற்குள் களைத்துப் போவார்.

செல்வி அக்கா, தாளில் முரண்பாடு இல்லை. நான்காவது பயிற்சியில் துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, குதிகாலை மட்டும் தூக்கிக் காலை நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்க வேண்டும். பத்து முறை முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். ஓய்வெடுக்கும்போது அதே துண்டு குதிகாலுக்கு அடியில் போக வேண்டும். கெண்டைக்காலும் முட்டியும் படுக்கையைத் தொடாமல் இருந்தால், காலின் எடையே முட்டியை மெதுவாக நீட்டிவிடும். முதலில் ஐந்து நிமிடம், பழகியபின் பத்து நிமிடம் என்று நாளைக்கு மூன்று வேளை வையுங்கள். கால் விரல்கள் கூரையைப் பார்க்க வேண்டும். பாதம் வெளியே சாய்ந்தால் முட்டி ஓரமாகத் திரும்பி மடங்கிக்கொள்ளும், அத்தை ஏமாற்றுவது அதில்தான் இருக்கும்!

தங்கமணி சின்னத்தை, காலை 9:15
எனக்கும் மாடிப்படி ஏறினால் முட்டி பிடித்துக்கொள்கிறது, நானும் குதிகாலுக்குத் துண்டு வைத்துப் பார்க்கட்டுமா? அக்காவுக்குத் தைலம் காய்ச்சி, கெண்டைக்காலில் இருந்து நன்றாகப் பிசைந்து தேய்த்தால் வீக்கம் ஒரே வாரத்தில் வடிந்துவிடுமே.

ரம்யா, காலை 9:31
சின்னத்தை, உங்கள் முட்டியை நேரில் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். இந்தத் தாள் உங்களுக்கானது அல்ல. பெரிய அத்தைக்கு இப்போது தைலமே வேண்டாம். தையல் போட்ட இடம் இன்னும் முழுதாக ஆறவில்லை, கெண்டைக்காலைப் பிசைவது அதைவிட ஆபத்து. அறுவைக்குப் பின் அங்கே இரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காயத்தில் நீர் கசிந்து காய்ச்சல் வந்தாலோ, யாரையும் கேட்டுக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

முருகேசன் மாமா, காலை 10:05
சரி, பயிற்சியின்போது வலித்தால் நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா? அதையும் சொல்லிவிடு. கோயிலில் அக்கா தரையில் உட்காரலாமா என்பதையும் சொல்.

ரம்யா, காலை 10:20
வலிமாத்திரை போட்டு அரைமணி கழித்துத் தொடங்கினால் எளிதாக இருக்கும். பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் அடங்கும் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் முட்டி முன்பைவிட வீங்கியிருந்தால் அன்று பாதி அளவோடு நிறுத்துங்கள். பிடித்து அமுக்கி மடக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம் அப்பா. தரையில் உட்காருவதைப் பற்றி அறுவை செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

செல்வி, மாலை 6:40
மல்லாந்து படுக்க வைத்துப் பார்த்தேன். முட்டிக்கும் படுக்கைக்கும் நடுவே என் முஷ்டி நுழைகிறது. நான் குதிகாலைப் பிடித்து மெல்லத் தூக்கினால் கால் ஏறத்தாழ நேராகிறது, ஆனால் அத்தையே தூக்கும்போது முட்டி மடங்கித் தொங்குகிறது.

ரம்யா, மாலை 7:05
நல்ல செய்தி அக்கா. உங்கள் கையில் நேராகிறது என்றால் மூட்டு இன்னும் முழுதாக இறுகவில்லை, தொடைத் தசைதான் வலுவிழந்திருக்கிறது. குதிகாலில் துண்டு இருக்கும்போதே முட்டியைக் கீழே அழுத்தச் சொல்லி, தொடை கல்லாக இறுகுகிறதா என்று கைவைத்துப் பாருங்கள். இதையும் ஐந்து விநாடி, பத்து முறை செய்யலாம். உங்கள் கையிலும் நேராகாமல் போனால் உடனே அங்குள்ள பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். வீக்கத்துக்காகக் காலை உயர்த்த வேண்டுமானால், தலையணையைக் கெண்டைக்காலின் கீழ்ப்பகுதிக்கும் குதிகாலுக்கும் வைத்து, முட்டியைத் தாங்கல் இல்லாமல் விடுங்கள்.

செல்வி, மாலை 7:18
தலையணையை நகர்த்தியதும் அத்தை கோபித்துக்கொண்டார். இரவு முழுதும் அப்படியே இருப்பாரா என்று தெரியவில்லை, நாளை காலையில் எழுதுகிறேன்.